வேலை விவரம் மழுப்பலாக இருந்தால் ரெக்ரூட்டரிடம் எப்படிக் கேட்பது?

"'டீமை வழிநடத்த வேண்டும்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பொறுப்பு, ஆட்கள், மேலதிகாரி பற்றி ஒன்றுமில்லை. எப்படிக் கேட்பது?"

"டீம் எவ்வளவு பெரியது?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டபோது "12 பேர்" என்றார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கீழே 2 பேர், மற்றவர்கள் பக்கத்து டீம். இப்படி மெயில் அனுப்புங்கள்:

"எனக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்பவர்கள் எத்தனை பேர்? அதில் காலியிடங்கள் எத்தனை? நான் ரிப்போர்ட் செய்பவரின் பதவி என்ன? முதல் ஆறு மாதத்தில் நான் முடிக்க வேண்டியது எது?"

ரெக்ரூட்டர், அதுவும் வெளி ஏஜென்சிக்காரர், "மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் தப்பில்லை. அவருக்கும் பெரும்பாலும் அந்த ஒரு பக்க வேலை விவரத்தைத்தான் கொடுத்திருப்பார்கள். இன்டர்வியூவில் மேனேஜரிடமும் இதையே கேளுங்கள். இருவரும் வேறு வேறு மேலதிகாரியைச் சொன்னால், அந்தப் பதவி யாருக்குக் கீழே என்று இன்னும் முடிவாகாமல் இருக்கலாம். ஆஃபரை ஏற்கும் முன் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.