இடுப்புப் பிடிப்புக்கு மூன்று வாரம் படுத்தே இருக்க வேண்டுமா?

கேள்வி: வயது 38. தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்து நாளாகப் படுக்கைதான். வலி இடுப்பிலேயே நிற்கிறது, காலுக்கு இறங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு பயப்பட ஒன்றுமில்லை என்றார். வீட்டில் பெரியவர்கள் மூன்று வாரம் கட்டாந்தரையில் அசையாமல் படு என்கிறார்கள். எழுந்து நடந்தால் டிஸ்க் நகர்ந்துவிடுமா?

பதில்: நகராது. இன்றே எழுந்து நடக்கத் தொடங்கலாம். அதற்கு முன் சிலவற்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மலம், சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலேயே போய்விடுவது, பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, எப்படிப் படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்தது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, கீழே விழுந்த அடி ஆகியவை இருந்தால் டாக்டரிடம் திரும்பச் சொல்லுங்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் அபூர்வமானதல்ல. இவை எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

படுக்கை ஏன் கெடுக்கிறது என்பதற்குக் காரணம் டிஸ்கிலேயே இருக்கிறது. டிஸ்க் தண்ணீரை உறிஞ்சும் ஒரு மெத்தை போன்றது. படுத்திருக்கும்போது அதன் மேல் பாரம் இல்லாததால் நீரை இழுத்து உப்புகிறது. எழுந்து நடமாடும்போது அந்த நீர் மெல்ல வெளியேறுகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். காலையில் இடுப்பு விறைத்திருப்பதற்கும், குனிந்தால் சுரீர் என்பதற்கும் இதுவும் ஒரு காரணம். நாள் முழுக்கப் படுத்திருந்தால் அந்தக் காலை விறைப்பு தணிய வழியே கிடைப்பதில்லை. கூடவே, முதுகெலும்பை ஒட்டி அதைத் தாங்கும் சிறு தசைகள் பயன்படுத்தாத சில நாட்களிலேயே வலுவிழக்கத் தொடங்கும். அதனால் பத்தாம் நாள் எழும்போது முதல் நாளைவிடக் கால் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்து "இன்னும் ஆறவில்லை" என்று மறுபடி படுத்துவிடுகிறோம். மூன்று வார ஓய்வு மூன்று மாதமாவது இந்த இடத்தில்தான்.

1995-இல் ஹெல்சின்கி மாநகர ஊழியர்கள் 186 பேரை, உங்களைப் போலவே திடீர் இடுப்பு வலி வந்தவர்களை, மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சிகள், மூன்றாவதுக்கு வலி அனுமதிக்கும் அளவில் வழக்கமான வேலை. நன்றாகத் தேறியது மூன்றாவது பிரிவு. மிக மெதுவாகத் தேறியது படுத்த பிரிவு. அங்கே சொல்லப்பட்ட ஓய்வு வெறும் இரண்டு நாள் என்பதைக் கவனியுங்கள். வலி கடுமையாக இருக்கும் முதல் ஓரிரு நாளில் இடையிடையே படுப்பதில் தவறில்லை. அது சிகிச்சை என்று நினைப்பதுதான் தவறு.

கட்டாந்தரையும் வேண்டாம். அதில் படுப்பதைவிட அதிலிருந்து எழுவதுதான் சிரமம். கட்டிலில் மல்லாந்திருந்தால் முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டபடியே கையால் ஊன்றி எழுங்கள். நேராக நிமிர்ந்து எழ முயன்றால்தான் வெட்டும். எழுந்தவுடன் ஒரு மணி நேரத்துக்குத் தரையிலிருந்து எதையும் குனிந்து எடுக்காதீர்கள், அப்போதுதான் டிஸ்க் உப்பியிருக்கும்.

இனி நடை. பெரும்பாலோர் தவறுவது இதில்தான். வலி குறைந்த நாளில் கடைத்தெரு, மாடிப்படி எல்லாம் ஏறி இறங்கி, மறுநாள் எழ முடியாமல் இரண்டு நாள் படுத்துவிடுகிறார்கள். உடல் இதிலிருந்து கற்பது ஒன்றே: அசைந்தால் வலிக்கும். எனவே எவ்வளவு நடப்பது என்பதை வலியிடம் விடாமல் கடிகாரத்திடம் விடுங்கள். முதல் மூன்று நாள், வலி தெளிவாகக் கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6, 10, 8 என்று வந்தால் சராசரி 8. அதைவிடச் சற்றுக் குறைவாக, 6 நிமிடத்தில் தொடங்குங்கள். சமதரையில், காலை, மதியம், மாலை என மூன்று வேளை. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நான்கு வாரத்தில் வேளைக்கு 20 நிமிடம் வந்துவிடும்.

நல்ல நாளிலும் குறித்த நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். மோசமான நாளிலும் குறித்த நிமிடம் நடக்க வேண்டும். முதல் பாதிதான் கடினமானது.

நடக்கும்போது வலி கொஞ்சம் கூடுவது காயத்தின் அடையாளம் அல்ல. மறுநாள் காலை பழைய அளவுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் அளவு சரி. திரும்பவில்லையென்றால் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் குறைத்து, இரண்டு நாள் அதிலேயே நடந்துவிட்டு மறுபடி ஏறுங்கள். வலி பிட்டத்தைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே இறங்கத் தொடங்கினாலோ, கால் மரத்தாலோ மட்டும் கூட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

உட்காரும் வேலையென்றால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். வேலைக்குத் திரும்ப முழுதாக வலி போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், நடக்க முடிவதற்காகச் சில நாட்கள் மட்டும் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். வலியே இல்லாதவர்களிடமும் டிஸ்க் தேய்வும் பிதுக்கமும் சாதாரணமாகத் தெரியும், அந்த அறிக்கை உங்களை மறுபடி படுக்கையில் தள்ளும். ஆறு வாரத்தில் சொல்லும்படி முன்னேற்றம் இல்லையென்றால் மறுபரிசோதனைக்குப் போங்கள்.

கடைசியாக அந்தக் கேன். நிரம்பிய 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் ஒரு வாளியே உங்களுக்கு எடைக்கல். இரண்டாம் வாரத்தில் 3 லிட்டர் ஊற்றி, முழங்கால் உயர ஸ்டூலில் வைத்து, உடலோடு ஒட்டித் தூக்கி இறக்குங்கள், ஒரு நாளைக்குப் பத்து முறை. மூன்று நாளுக்கு ஒரு முறை 2 லிட்டர் கூட்டுங்கள். 9 லிட்டர் சிரமமில்லாமல் வந்ததும் வாளியை ஸ்டூலிலிருந்து தரைக்கு மாற்றி, 5 லிட்டரிலிருந்து மீண்டும் ஏறுங்கள். அதுவரை கேன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மேலே மாட்டும் கைப்பம்பு போதும். பிறகும் கேனைத் தூக்கியபடி இடுப்பை முறுக்கிக் கவிழ்க்காதீர்கள். பாதங்களைத் திருப்பி வைத்துவிட்டுக் கவிழுங்கள்.