லாரி ஓட்டுநர் வேலைக்கு வரும் பெண்கள்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: எனக்கு 19 வயது 2 மாதம். கார் உரிமம் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. லாரி ஓட்ட இப்போதே பழகலாமா?

கனரக வாகன உரிமத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. போக்குவரத்து வாகனம் ஓட்டுபவருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வகைக்கான பழகுநர் உரிமம் கேட்கும்போது, இலகுரக வாகன உரிமம் கைக்கு வந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இருசக்கர வாகன உரிமத்தை இந்த ஓராண்டில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் ஓராண்டு இன்னும் ஒன்பது மாதத்தில் முடியும்போது உங்களுக்கு வயது 19 ஆண்டு 11 மாதமாக இருக்கும். ஆகவே 20 வயது நிரம்பும் வரை மேலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும்; அதைப் பெற்று 30 நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். எனவே எல்லாம் தடையின்றி நடந்தால் இன்னும் பதினொரு மாதத்துக்குப் பிறகுதான் நீங்கள் தேர்வில் நிற்பீர்கள்.

விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றும், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழும் வேண்டும். பலரும் ஏமாறுவது இந்தப் பள்ளி விஷயத்தில்தான். ஒரே வண்டியில் நான்கைந்து பேரை ஏற்றி, ஆளுக்குச் சில நிமிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழ் எழுதித் தரும் பள்ளிகள் உண்டு. சேருவதற்கு முன், நான் மட்டும் எத்தனை மணி நேரம் ஓட்டுவேன், பாரம் ஏற்றிய வண்டியில் பழக முடியுமா என்று இரண்டையும் கேளுங்கள். முதல் நாளே இருக்கையைச் சரிசெய்து கிளட்சை முழுவதும் மிதித்துப் பாருங்கள். முதுகு சாய்விலிருந்து விலகினால் அந்த வண்டி உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை. அதில் பழகினால் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும், கியர் மாற்றுவதும் சரியாக வராது.

ஓசூரிலிருந்து: வயது 28, கார் உரிமம் மட்டுமே உள்ளது. மாம்பழப் பருவத்தில் குட்டியானை ஓட்ட பேட்ஜ் வேண்டுமா?

வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. மொத்த எடை என்பது வண்டியும் ஏற்றக்கூடிய சரக்கும் சேர்ந்தது. பதிவுச் சான்றில் இருக்கும். வண்டியின் காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்று ஓட்டத் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்கோட்டு வாசகி இந்தப் பதிலைத் தமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. 20 வயதுக்கு முன் குட்டியானையும் ஓட்ட முடியாது.

தர்மபுரியிலிருந்து: தொப்பூர் கணவாயைச் சொல்லியே வீட்டில் மறுக்கிறார்கள். அந்தப் பயம் சரியா?

சரிதான். அந்த இறக்கத்தில் விபத்துகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்டால், அது ஓட்டுபவர் பெண்ணா ஆணா என்பதைப் பொறுத்ததல்ல என்று வீட்டாருக்கு நீங்களே விளக்க முடியும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பாரவண்டியைப் பிரேக்கால் மட்டுமே தடுத்துக்கொண்டு வந்தால் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தரும் தடையும் போய்விடும். இன்ஜினையே அணைத்துவிட்டால் கம்ப்ரஸர் நின்று, பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தம் ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டே போகும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

இதைத் தவிர்க்கும் வழி பழைய ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரியும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரை இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி வழியில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலிலேயே ஓடிவிடக்கூடும். கருகிய வாடை, வழக்கத்தைவிட ஆழமாக மிதித்தால்தான் பிடிக்கும் பெடல், இறங்கும் காற்றழுத்த முள் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அடிவாரம் வரை பார்க்கலாம் என்று எண்ணாமல் உடனே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்ட வேண்டும். முதல் சில முறை அனுபவமுள்ள ஒருவரை உடன் அமர்த்தி, பாரமில்லாத வண்டியில் பகலில் இறங்கிப் பழகுங்கள். வேலை கொடுப்பவர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் வண்டியை எடுக்க மறுக்கலாம். அந்த வேலை கைநழுவினாலும் மறுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கிருஷ்ணகிரியிலிருந்து: பத்தாம் வகுப்பு தேறியவள், வயது 34. டீசல் மெக்கானிக் படிக்கக் காலம் கடந்துவிட்டதா?

இல்லை. தமிழக அரசு ஐ.டி.ஐ.க்களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. எடை தூக்கும் வேலையை நினைத்துத் தயங்க வேண்டாம். பட்டறையில் அதற்கு ஜாக்கியும் செயின் பிளாக்கும் இருக்கின்றன. 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலான கோளாறுகளை ஸ்கேனர் கருவியை இணைத்துத்தான் தேடுகிறார்கள். ஆகவே படிப்பு முடிந்து தொழில் பழகுநராகச் சேரும்போது, ஸ்கேனரைக் கையில் கொடுத்துப் பழக்கும் பட்டறையாகப் பார்த்துச் சேருங்கள்.