வருடச் சந்தாவா, மாதச் சந்தாவா?

கேள்வி: ஒரு ஓடிடி ஆப்பில் மாதம் 149 ரூபாய், வருடத்துக்கு 999 என்று போட்டிருக்கிறது. வருடம் கட்டினால் லாபமா? ஆட்டோபே போட்டால் பின்னால் தொல்லை வருமா?

149-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,788. அதன் பக்கத்தில் 999-ஐப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி விலை மாதிரி தெரியும். ஆனால் அது பன்னிரண்டு மாதமும் பார்ப்பவரின் கணக்கு. ஆறு மாதத்துக்குத் தனித்தனியாகக் கட்டினால் 894, ஏழு மாதத்துக்கு 1,043. ஆக, ஏழு மாதமாவது பார்க்கிற வீட்டுக்குத்தான் வருடத் திட்டம் மலிவு.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம், தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. மாதம் மூன்று படம் என்றால் மொத்தம் 12 படம், செலவு 596, ஒரு படத்துக்கு 50 ரூபாய் சுமார். அதே 12 படத்துக்கு 999 கட்டினால் படம் 83 ரூபாய். ‘வருடம் முழுக்க இருந்தால் இன்னும் நாலு படம் பார்ப்போமே’ என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் 62 ரூபாய்க்கு மேல் வருகிறது. உங்கள் வீட்டு எண்ணிக்கையை மனக்கணக்காகப் போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஓடிடி ஆப்பில் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து, முழுதாகப் பார்த்து முடித்ததை மட்டும் எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் நிறுத்தியதெல்லாம் சேராது.

அப்புறம் ஆட்டோபே. யுபிஐ பின் போடுவதற்கு முந்தைய திரையை நிதானமாகப் படியுங்கள். இன்று எவ்வளவு எடுப்பார்கள் என்பதோடு, அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எந்தத் தேதி வரை எடுக்கலாம் என்பதும் அங்கே இருக்கும். முதல் வருடச் சலுகை விலை முடிந்ததும் முழு விலையை எடுக்க வழி விடுவது அந்த அதிகபட்சத் தொகைதான். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்கக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரவேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தத்துக்கு மறுபடி பின்னோ ஓடிபியோ கேட்க வேண்டியதில்லை. மாதச் சந்தா என்றால் மாதாமாதம் கண்ணில் படும். வருடச் சந்தாவுக்கு அந்த ஒரே குறுஞ்செய்திதான். கடன் விளம்பரங்களுக்கு நடுவே அது போய்விட்டால் அடுத்த 999 போனதுதான்.

ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. முதலில் சந்தாப் பக்கத்தில் ரத்து செய்யுங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள அனுமதியையும் பின் போட்டு நீக்குங்கள். பணம் கட்டிய அன்றே இதைச் செய்யலாம். பெரும்பாலான சேவைகள் கட்டிய காலம் முடியும்வரை ஓடும். இலவசச் சோதனைக் காலம் மட்டும் சில இடங்களில் ரத்து செய்த நொடியே முடிந்துவிடும் என்பதால், உறுதி கேட்கும் திரையில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.