ஔவையாரை எப்படியெல்லாம் தேடுகிறார்கள்? குறிச்சொல் பற்றிய கேள்வி பதில்

மொரீஷியசில் தமிழ் மாலை வகுப்புகளின் காணொளிகளை யூடியூபில் ஏற்றிப் பராமரித்து வரும் ஒருவர் பதில் சொல்கிறார்.

ரோஸ் ஹில் ஆசிரியை: எங்கள் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லும் காணொளிக்கு ‘ஔவையார்’ என்று சரியாகத்தான் தலைப்பிட்டேன். என் மாமியார் தேடினால் வருவதேயில்லை. அவரும் அதே சொல்லைத்தான் அடிக்கிறார் அக்கா!

அதே சொல் போலத் தெரியும், அவ்வளவுதான். அவருடைய தொலைபேசியில் அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து, அழிக்கும் விசையை ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் அது ‘ஔ’. பாதி அழிந்து ‘ஒ’ மட்டும் நின்றால், அவர் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்திருக்கிறார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். இணையத்தில் ‘ஒளவையார்’ மலிந்து கிடக்கிறது. விசைப்பலகையில் ஔகாரத்தைத் தேடி எடுக்கப் பலருக்குப் பொறுமையில்லை. ‘கௌரி’யும் இப்படித்தான் ‘கெளரி’ ஆகிறது.

‘ொ’ போன்ற குறிகளை இரண்டு துண்டாக அடித்தாலும் ஒன்றெனக் கொள்ள யூனிகோடில் விதி உண்டு. ‘ள’ சேர்ந்த இந்தப் பிழைக்கு அந்த விதி உதவாது, ஏனென்றால் ‘ள’ உண்மையிலேயே வேறொரு எழுத்து. ஆகவே தலைப்பைத் தொடாதீர்கள். பதிவேற்றும் பக்கத்தில் Tags எனப்படும் குறிச்சொற்களுக்கென்று இருக்கும் பெட்டியில் ‘ஒளவையார்’ என்பதையும் சேருங்கள். பார்வையாளர் கண்ணில் அது படாது.

டர்பன் அன்பர்: 500 எழுத்துக்கு இடம் தருகிறார்கள், காலியாக விடுவானேன்? எங்கள் தைப்பூசக் காணொளிக்கு Kavady, Kavadi, Cavadee, Thaipusam, Thaipoosam, பழனி, Batu Caves எல்லாம் போட்டேன். அதையே விளக்கத்தின் அடியிலும் ஒட்டினேன். தவறா?

பாதி சரி. முதல் ஐந்தும் உங்கள் விழாவின் பெயர்கள்தாம், ஊருக்கு ஊர் எழுதும் முறை வேறு. எங்கள் அரசின் விடுமுறைப் பட்டியலில் Thaipoosam Cavadee என்றிருக்கிறது. உங்கள் பக்கத்தில் Kavady. இவற்றைப் பிழை என்று ஒளித்து வைக்க வேண்டியதில்லை. விளக்கத்தில் ஒரு வாக்கியமாகவே எழுதலாம்: “டர்பனில் Kavady என்றும் மொரீஷியசில் Cavadee என்றும் எழுதப்படும் காவடி விழா.” படிப்பவருக்குச் செய்தி, தேடுபவருக்கு வழி.

பழனியும் பத்து மலையும் உங்கள் காணொளியில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பழனியைத் தேடி வந்தவர் டர்பனைப் பார்த்ததும் போய்விடுவார். விளக்கத்தின் அடியில் ஒட்டிய பட்டியலையும் எடுங்கள். குறிச்சொற்களை விளக்கத்தில் கொட்டுவது யூடியூபின் விதிப்படி குப்பைச் செயல் என்றே கணக்காகும். இன்னொன்று, அடிக்கடி தவறாக எழுதப்படும் சொல் என்றால்தான் குறிச்சொல் பயன்படும், மற்றபடி அதன் பங்கு மிகக் குறைவு என்று அவர்களே உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். 500 எழுத்தையும் நிரப்பிப் பெறப்போவது ஒன்றுமில்லை.

போர்ட் லூயிஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிழைகளையும் நாமே எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கு யார் திருத்திச் சொல்வது? எனக்கு இதில் உடன்பாடில்லை அம்மா.

ஐயா, பிள்ளை படிக்கும் இடம் எதிலும் பிழை வரக்கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். தலைப்பு, விளக்கம், திரையில் ஓடும் எழுத்து மூன்றிலும் ‘ஔவையார்’. ஹேஷ்டேக்கும் வெளியே தெரிவதால் அதிலும் பிழை கூடாது. மறைந்திருக்கும் பெட்டி ஒன்றுக்கு மட்டுமே விலக்குக் கேட்கிறேன். ‘அவ்வையார்’ என்பதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பீர்களா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்; நான் அதை விளக்கத்திலேயே ஓரிடத்தில் எழுதுகிறேன். கோவில், கோயில் என்பதைப் போல இதுவும் வழக்கு என்பது என் எண்ணம்.

அதே ஆசிரியர்: கோயிலும் கோவிலும் வேறு கதை. ‘அவ்வை’யை நான் ஏற்கமாட்டேன்.

சரி ஐயா, உங்கள் காணொளியில் வேண்டாம். என்னுடையதில் இருக்கட்டும்.

காத்ர் போர்ன், தமிழ் வகுப்புச் செயலர்: ‘தமிழ்ப் பள்ளி’ என்பதற்கு ‘பல்லி’ என்றும் போட்டுவிட்டேன். ல, ள குழப்பம் இங்கே அதிகம் அல்லவா?

குழப்பம் அதிகம்தான், ஆனால் ‘பல்லி’க்குச் சொந்தமாக ஓர் உயிர் இருக்கிறது! தனியாக ‘பல்லி’ என்று போட்டால் தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று தேடுகிறவர்கள் வந்து சேர்வார்கள். உங்கள் பிள்ளைகள் உயிரெழுத்துச் சொல்வதைப் பார்த்துப் பத்து நொடியில் போய்விடுவார்கள். பிழையான வடிவம் வேறொரு பொருளுள்ள சொல்லாக இருந்தால் அதைத் தனியே போடாதீர்கள். ‘ஒளவையார்’ அப்படியில்லை, அதற்கு வேறு பொருளே கிடையாது, அதனால் ஆபத்தில்லை.

ரீயூனியன், சேந்த் ஆந்த்ரே: எங்கள் குடும்பப் பெயர் முத்துசாமி. பாட்டனார் தாளில் Moutoussamy, இன்னொரு தாளில் Moutousamy. எது சரி? பிழையானதைக் குறிச்சொல்லில் போடலாமா?

இது நான் பேசிக்கொண்டிருக்கும் விஷயமே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எழுத்தர் தன் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதினார்; எழுதியபின் அதுவே பெயராகிவிட்டது. இரண்டையும் படத்தின் விளக்கத்தில் வெளிப்படையாகவே எழுதுங்கள், எந்தத் தாளில் எது என்றும் குறிப்பிடுங்கள். எங்கள் தீவில் வழங்கும் Mootoosamy வடிவத்தை மட்டும் சேர்க்காதீர்கள், உறவு இருப்பது தெரிந்தாலொழிய. தங்கள் பாட்டனாரைத் தேடும் வேறு குடும்பத்தார் வந்து ஏமாறுவார்கள்.

ரோஸ் ஹில் ஆசிரியை: அக்கா சொன்னது சரி, மாமியார் ‘ள’ தான் அடித்திருக்கிறார். மொத்தமாக எவற்றைப் போடட்டும்? ‘புதிய ஆத்திசூடி’யும் சேர்க்கலாமா, பலர் தேடுகிறார்களே?

‘புதிய ஆத்திசூடி’ பாரதியார் எழுதியது. உங்கள் பிள்ளைகள் சொன்னது ‘அறஞ்செய விரும்பு’. வேண்டாம்.

என் காணொளிக்கு நான் போட்டிருப்பது இவ்வளவுதான்:

```
ஔவையார், ஒளவையார், அவ்வையார்,
ஆத்திசூடி, ஆத்திச்சூடி,
Avvaiyar, Auvaiyar, Aathichudi
```

‘ஆத்திசுடி’, ‘ஆதிசூடி’ என்றெல்லாம் முதலில் மனத்தில் தோன்றும். தோன்றியதையெல்லாம் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் தேடிப் பாருங்கள். பிழையாகத் தேடியும் உங்கள் காணொளி மேலே வருகிறதென்றால் தேடுபொறியே திருத்திக்கொள்கிறது, குறிச்சொல் தேவையில்லை. சில வாரம் கழித்து, யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் பகுதிக்குப் போய், யூடியூப் தேடல் என்பதைத் திறந்தால் அவர்கள் அடித்த சொற்களே பட்டியலாக நிற்கும். புதிய வடிவம் அங்கே தென்பட்டால் மட்டும் சேருங்கள். நம் வகுப்புக் காணொளிகளுக்குப் பார்வை குறைவு என்பதால் பட்டியல் சிறிதாகத்தான் இருக்கும். முதல் மாதத்தில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம்.

மாமியாரின் தொலைபேசியில் மட்டும் தேடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் உங்கள் காணொளியை ஏற்கெனவே பலமுறை பார்த்திருந்தால், அவருக்கு வரும் முடிவும் பிறருக்கு வருவதும் வேறாக இருக்கும்.