மணிக்கணக்கா, மொத்தத் தொகையா?

கேள்வி: வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசனைப் பணி தொடங்கியிருக்கிறேன். முதல் வாடிக்கையாளர் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார். மணிக்கு இவ்வளவு என்று சொல்வதா, முழு வேலைக்கும் ஒரே தொகையா?

பதில்: எப்படிச் சொன்னாலும் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். பலரும் பழைய சம்பளத்தை மணிக்கு வகுத்து அதையே சொல்லிவிடுகிறார்கள். அது நஷ்டத்தில்தான் முடியும்.

வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் ஆண்டுக்கு 2,080 மணி. விடுமுறைக்கும் சம்பளம் வந்தது. இனி விடுமுறைக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் 6 வாரம் கழித்தால் 1,840 மணிதான். அதிலும் ஆள் பிடிப்பது, பில் போடுவது, பணத்துக்கு நினைவூட்டுவது என்று புதியவருக்குப் பாதிக்குப் பாதி போய்விடும். காசாகும் நேரம் சுமார் 1,000 மணி என்று வையுங்கள். முன்பு அலுவலகம் ஏற்ற கணினி, மென்பொருள், காப்பீடு இப்போது உங்கள் செலவு. அதற்கு 20 சதவீதம் சேர்த்தால், பழைய மணிக்கூலியைப் போல ஏறக்குறைய 2.5 மடங்கு வாங்கினால்தான் பழைய வருமானமே நிற்கும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் சில வேலைகளுக்கு மணிக்கணக்கே வையுங்கள், ஆனால் ஓர் உச்சவரம்போடு. "மணிக்கு இவ்வளவு, 40 மணியைத் தாண்டாது, தாண்டும் போலிருந்தால் 30-வது மணியிலேயே சொல்லிவிடுவேன்" என்றால் அவருக்கும் பயம் இருக்காது.

மொத்தத் தொகையை உடனே வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒருவர், சரக்கு இருப்பு அறிக்கையை ஒழுங்குபடுத்தும் வேலையை 30 மணியில் முடியும் என்று நினைத்து ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டார். வேலைக்கு ஆனது 32 மணிதான், கணிப்பு தப்பவில்லை. ஆனால் கூட்டங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் 8 மணி, "இந்தப் பத்தியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்ற திருத்தங்களுக்கு 10 மணி. மொத்தம் 50. மணிக்கு அவர் நினைத்ததில் 60 சதவீதம்தான் கைக்கு வந்தது. அவர் அதைக் கவனித்ததே நேரக்குறிப்பு வைத்திருந்ததால்தான்.

அதனால் முதல் நாளிலிருந்தே வேலை, பேச்சு, திருத்தம் என்று மூன்றாகப் பிரித்து நேரம் எழுதுங்கள். ஒரே மாதிரி வேலை மூன்று நான்கு முறை முடிந்ததும் மொத்தத் தொகைக்கு மாறலாம். அப்போது நன்றாகப் போனால் எத்தனை மணி, வழக்கமாக எத்தனை, மோசமானால் எத்தனை என்று பாருங்கள். 24, 34, 62 என்றால், நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுங்கள், 37 வரும். அந்த 37 மணிக்கு விலை சொல்லுங்கள், 34-க்கு அல்ல.

அப்புறம், எழுத்தில் இரண்டு வரி சேருங்கள்: திருத்தம் இரண்டு முறை வரை இதில் அடங்கும், அதற்கு மேல் மணிக்கணக்கு. மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வந்த பிறகே வேலை தொடங்கும்.