டென்சைல் டெஸ்டில் யங் குணகம் 200க்குப் பதில் 8 ஜிகா பாஸ்கல் வருகிறது. ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

வந்ததையே எழுதுங்கள். ஆனால் எதை அளந்து அந்த எண் வந்தது என்பதை அதற்கு முந்தைய வரியிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டாமல், யூடிஎம்மின் கிராஸ்ஹெட் நகர்ந்த தூரத்தையே கம்பி நீண்ட அளவாக எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் படித்த கல்லூரியிலும் எக்ஸ்டென்சோமீட்டர் பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை. எங்களுக்குக் கொடுத்தது மைல்டு ஸ்டீல் கம்பி, விட்டம் 10 மி.மீ., கேஜ் நீளம் 50 மி.மீ. 15 கிலோ நியூட்டன் இழுக்கும்போது தகைவு 191 மெகா பாஸ்கல். எஃகு என்றால் அந்த இடத்தில் 50 மி.மீ. நீளம் 0.05 மி.மீ. கூட நீண்டிருக்காது. கிராஸ்ஹெட் ஸ்கேல் காட்டியதோ 1.2 மி.மீ. பல் பிடிப்பில் கம்பி வழுக்கி உட்கார்ந்தது, கேஜுக்கு வெளியே இருந்த பகுதி நீண்டது, மெஷினே கொஞ்சம் நெகிழ்ந்தது எல்லாம் சேர்ந்த அளவு அது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 8தான் வரும்.

நான் 8 என்றே எழுதி, காரணத்தையும் எழுதினேன். மற்றவர்கள் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 205 போட்டு, அதற்கேற்ப ரீடிங்கையும் பின்னாலிருந்து கணக்கிட்டு நிரப்பினார்கள். எனக்குத்தான் மதிப்பெண் குறைந்தது. 0.1 மி.மீ. வரைதான் படிக்க முடிகிற ஸ்கேலில் 0.047 எப்படித் தெரிந்தது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

மெஷினின் நெகிழ்வைத் தனியாக அளந்து கழித்துவிடலாமே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். நெகிழ்வைக் கழிக்கலாம், வழுக்கலை என்ன செய்வது? அது ஒவ்வொரு கம்பிக்கும் மாறும்.

மற்ற முடிவுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. யீல்டு 22.1, அதிகபட்சம் 35.4 கிலோ நியூட்டன், 78.5 சதுர மி.மீ. பரப்பால் வகுத்தால் 281, 451 மெகா பாஸ்கல். இங்கே கிராஸ்ஹெட்டுக்கு வேலையே இல்லை. 281.39 என்று மட்டும் எழுதாதீர்கள். விட்டத்தில் 0.02 மி.மீ. பிசகினாலே விடை 1 மெகா பாஸ்கலுக்கு மேல் நகர்ந்துவிடும்.

நீட்சி சதவீதத்தையும் கிராஸ்ஹெட்டிலிருந்து எடுக்க வேண்டாம். உடைந்த துண்டுகளைப் பொருத்தி வைத்து, கேஜ் புள்ளிகளுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 64.5 மி.மீ., அதாவது 29 சதவீதம். கழுத்து எங்கே விழுந்தது என்பதையும் எழுதுங்கள். கேஜ் புள்ளிக்குப் பக்கத்தில் உடைந்தால் கழுத்தின் நீட்சியில் ஒரு பகுதி வெளியே போய்விடும், சதவீதம் குறைவாகக் காட்டும்.

இதற்கெல்லாம் ரெக்கார்டில் அரைப் பக்கம்கூடக் கிடைக்காது. ஆனால் யூடிஎம் படத்தைப் பென்சிலில் முழுப் பக்கத்துக்கு வரைய வேண்டும், கோடு கோணலானால் திரும்ப வரைய வேண்டும். உடைந்த கம்பியை வரையச் சொன்ன ஆசிரியர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.