நான்கு மணி நேர ஒலிப்பதிவும் எழுபது விழுக்காட்டுச் சொற்பிழையும்

கேள்வி: மதுரைப் பக்கத்து விவசாயிகள் 6 பேரிடம் எடுத்த நேர்காணல்களில் 4 மணி நேரத்தை இரண்டு மாணவர்கள் பிழையில்லாத நல்ல தமிழில் தட்டச்சு செய்து தந்தார்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்குவதற்காக, அதைக் கொண்டு `facebook/wav2vec2-xls-r-300m` மாடலை ஃபைன்-டியூன் செய்தேன். முதல் சில சுற்றுகளில் வெற்று வரிகளே வந்தன. பிறகு எழுத்துகள் வந்தாலும் சொற்பிழை வீதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒலிப்பதிவு போதவில்லையா, அமைப்புகளில் தவறா?

பதில்: உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது "பிழையில்லாத நல்ல தமிழில்" என்ற தொடர்தான். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இந்த மாடல் 128 மொழிகளில் ஏறத்தாழ 4,36,000 மணி நேரப் பேச்சை எழுத்துவடிவம் இல்லாமலேயே கேட்டுப் பழகியது. ஒலிகளைப் பிரித்தறியும் திறன் அதற்கு முன்பே இருக்கிறது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதை மட்டுமே உங்கள் 4 மணி நேரத்திலிருந்து அது கற்க வேண்டும். அதன்மேல் பொருத்தப்படும் சிடிசி என்னும் பயிற்சி முறை, எழுத்துகள் ஒலியின் வரிசையிலேயே வருகின்றன என்றும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒலியில் ஓர் இடம் உண்டு என்றும் எடுத்துக்கொள்கிறது. விவசாயி "வந்துட்டாங்க" என்று சொல்லியிருக்க, மாணவர் "வந்துவிட்டார்கள்" என்று தட்டச்சு செய்திருந்தால், ஒலியில் இல்லாத "வி", "ர்", "ள்" ஆகியவற்றை எங்கே பொருத்துவது என்று மாடலுக்குத் தெரியாது. பல நூறு மணி நேரப் பதிவு இருந்தால் இந்த மாற்றத்தையும் ஓரளவுக்குக் கற்றுக்கொள்ளும். 4 மணி நேரத்தில், சரியாகக் கேட்ட ஒலியையே சந்தேகிக்கத்தான் பழகும்.

ஆகவே எழுத்துவடிவத்தைக் கேட்டபடியே திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஆனால் கேட்டபடி எழுதுவது என்றால் ஆளுக்கொரு விதமாக எழுதுவதல்ல. ஒருவர் "போயிட்டு இருந்தோம்" என்றும் மற்றவர் "போய்ட்டிருந்தோம்" என்றும் எழுதினால் ஒரே ஒலிக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். இரண்டு பக்க அளவில் ஒரு விதித்தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அவன்", "மரம்" போன்ற சொற்களின் இறுதி மெய் பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும். அங்கே நான் "ன்", "ம்" என்றே எழுதச் சொல்வேன், ஏனெனில் அந்த மூக்கொலியே ஒலியில் அதற்கான தடயமாக நிற்கிறது. எண்களை இலக்கமாக எழுதாமல், சொன்னபடி "அம்பது" என்று எழுத வேண்டும். "பம்பு செட்டு", "லோடு" போன்ற சொற்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து அதிலிருந்து மாறாமல் இருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் தட்டச்சு செய்யலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டச்சு செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாடலுக்கு அவை வெவ்வேறு. பயிற்சிக்கு முன் எல்லா வரிகளையும் இதில் செலுத்துங்கள்:

```python
import re, unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = re.sub("[\u200b\u200c\u200d\ufeff]", "", s)
    s = re.sub("[^\u0b80-\u0bff ]", " ", s)
    return " ".join(s.split())
```

ஔகாரக் குறிக்குப் பதிலாக "ள" தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் இது திருத்தாது. அதைத் தனியே தேடித் திருத்த வேண்டும். மாடலின் எழுத்துப்பட்டியலில் 247 எழுத்துகளையும் தனித்தனியே வைக்க வேண்டாம், ஏனெனில் உயிர்மெய்களில் பல உங்கள் பதிவில் ஒருமுறைகூட வராது. உயிர், மெய், உயிர்க்குறிகள், புள்ளி, ஆய்தம், கிரந்த எழுத்துகள் என்று யூனிகோடு குறியீடுகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 50-க்குள் அடங்கிவிடும். இதில் தமிழுக்கு ஒரு வசதியும் கிடைக்கிறது. சிடிசியில் ஒரே குறி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் நடுவே, எழுத்து எதுவும் இல்லை என்பதைக் காட்டும் வெற்றுக் குறி விழ வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். "பக்கம்" என்பதில் இரு ககரங்களுக்கும் இடையே புள்ளி நிற்பதால் அந்தச் சிக்கலே எழுவதில்லை.

இனி அந்த 70 விழுக்காட்டுக்கு வருகிறேன். எழுத்தளவில் பிழை வீதம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, அதையும் கணக்கிடுங்கள். "அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்" என்பது சரியான விடை என்றும், மாடல் "அதை சொல்லிக் கொண்டிருந்தார்" என்று தந்தது என்றும் வைத்துக்கொள்வோம். விடையில் உள்ளவை இரண்டே சொற்கள். அவை இரண்டும் தவறு, கூடுதலாக ஒரு சொல்லும் வந்துவிட்டது. சொற்பிழை வீதம் 150 விழுக்காடு. குறியீடுகளின் கணக்கிலோ இடைவெளியையும் சேர்த்து 28-இல் 3 மட்டுமே பிழை, அதாவது 11 விழுக்காடு. சொற்பிழை உயர்ந்தும் எழுத்தளவுப் பிழை தாழ்ந்தும் இருந்தால் மாடல் நன்றாகக் கேட்கிறது. ஒற்றிலும் சொற்பிரிப்பிலும் உங்கள் எழுத்துவடிவமே நிலையாக இல்லை என்று பொருள். இரண்டும் உயர்ந்திருந்தால்தான் அமைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும்.

தொடக்கத்தில் வெற்று வரிகள் வந்தது இயல்பானதே. 6 பேரில் ஒருவரைச் சோதனைக்கு ஒதுக்கினால், ஆளுக்கு 40 நிமிடம் என்ற கணக்கில் பயிற்சிக்கு 200 நிமிடம் மிஞ்சும். அதை 6 விநாடித் துண்டுகளாக்கினால் 2,000 துண்டுகள். ஒரு தொகுப்புக்கு 16 என்றால் ஒரு சுற்றுக்கு 125 படிகள். கற்றல் வீதத்தைப் படிப்படியாக உயர்த்தும் முதல் 500 படிகளே நான்கு சுற்றுகளைத் தின்றுவிடும். அந்தக் கட்டத்தில் மாடல் எல்லா இடத்திலும் வெற்றுக் குறியையே தரும், இழப்பு 3-ஐ ஒட்டி நின்றுவிட்டுப் பிறகு சட்டென்று இறங்கும். 1,500 படிகள் கடந்தும் வெற்று வரிகளே வந்தால், ஒலி 16 கிலோஹெர்ட்ஸாக மாற்றப்பட்டதா என்றும், `pad_token_id` டோக்கனைசரிலும் மாடலிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வெற்றுக் குறியாகப் பயன்படுவது அந்த எண்தான். `model.freeze_feature_encoder()` கொண்டு அடிப்பகுதியை உறையவைத்து, கற்றல் வீதத்தை 1e-4-இல் தொடங்கினால் போதும்.

சோதனைக்கு ஒதுக்கியவரின் குரல் பயிற்சியில் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. துண்டுகளைக் கலைத்துப் போட்டுப் பிரித்தால், தெரிந்த குரலையே சோதித்து, பொய்யான நல்ல மதிப்பெண்ணைப் பெறுவீர்கள். ஒதுக்கியவரின் பதிவில் பாதியை அமைப்புகளைச் சரிபார்க்கவும், மறுபாதியை இறுதி அளவீட்டுக்கும் வையுங்கள்.

எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று கணிக்கும் மொழிமாதிரி ஒன்றைச் செய்தித்தாள் உரையிலிருந்து கென்எல்எம் கருவியால் கட்டிச் சேர்க்கும் ஆசை அடுத்து வரும். அந்த உரையில் "வந்துட்டாங்க" இருக்காது. ஆகவே சரியாகக் கேட்ட சொல்லுக்கு அது தண்டனை விதிக்கும். உங்கள் பயிற்சி எழுத்துவடிவத்தோடு பேச்சுநடை உரையாடல்களையும் சேர்த்து ஒரு மும்மைச் சொல் மாதிரி கட்டுங்கள். மொழிமாதிரியை மாடலின் வெளியீட்டோடு இணைக்கும் `pyctcdecode`-இல் அறியாத சொல்லுக்கான `unk_score_offset` இயல்பாக -10 என்று இருக்கும். ஒட்டுகளால் புதுச் சொற்கள் பெருகும் தமிழுக்கு அது கடுமை. சரிபார்ப்புப் பாதியில் அதைத் தளர்த்திப் பாருங்கள்.

ஒலிப்பதிவு போதுமா என்ற கேள்விக்கு, எழுத்துவடிவத்தைத் திருத்திய பிறகே விடை கிடைக்கும். ஐந்து பேரிடமிருந்தும் சமமாக எடுத்து, 50, 100, 200 நிமிடங்களில் தனித்தனியே மூன்று முறை பயிற்சி கொடுங்கள். 100-இலிருந்து 200-க்குப் போகும்போதும் எழுத்தளவுப் பிழை தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தால் கூடுதல் பதிவு பயன் தரும். அப்போது அதே ஆறு பேரிடம் மேலும் ஒரு மணி நேரம் எடுப்பதைவிட, புதிதாக ஆறு பேரிடம் பத்துப் பத்து நிமிடம் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.